3.4 மாதிரியும் அதைத் தேர்ந்தெடுத்த முறையும்

மறதிநோய் உள்ள பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பள வேலையை முழுவதுமாக விட்டவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. இப்படி வேலையை விட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை. அதனால் மாதிரி மக்கள்தொகையின் சிறிய நகலாக இருக்க வேண்டிய தேவை இல்லை. அந்த முடிவை உள்ளிருந்து விவரிக்கக்கூடியவர்கள், ஒருவருக்கொருவர் வேறுபட்ட சூழல்களில் இருப்பவர்கள், அதில் இடம்பெற வேண்டும்.

சமவாய்ப்பு மாதிரியை ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முழுமைத்தொகுதியில் உள்ள எல்லோரின் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். வேலையை விட்டவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கலாம். எதற்காக விட்டார்கள் என்பதைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டியல் எனக்குக் கிடைக்கவில்லை. பலர் காரணத்தை அலுவலகத்தில் சொல்வதே இல்லை. எனவே நோக்கமுறை மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் அதிகபட்ச வேறுபாடு தேடும் வகையை.

பங்கேற்க மூன்று தகுதிகள் வைத்தேன்: வேலையை விட்டுக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், பராமரிப்பு இன்னும் தொடர வேண்டும், பெற்றோர் அதே வீட்டில் வசிக்க வேண்டும். பராமரிப்பு முடிந்துபோனவர்களைச் சேர்க்கவில்லை. இழப்புக்குப் பிறகு அதே முடிவு வேறு வெளிச்சத்தில் நினைவுகூரப்படும். அது தனி ஆய்வுக்கு உரிய விஷயம்.

எங்கே தேடுவது என்பதுதான் கடினமான பகுதி. ஆதரவுக் குழுக்கள் வழியாகத் தொடங்குவது எளிது. ஆனால் அங்கே வருகிறவர்கள் வாரத்தில் இரண்டு மணி நேரமாவது வீட்டை விட்டு வெளியே வர முடிந்தவர்கள். வீட்டை விட்டு நகரவே முடியாதவர்கள்தான் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானவர்கள். குழுக்களை மட்டும் நம்பினால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆகவே நான்கு வழிகளைப் பயன்படுத்தினேன். ஆதரவுக் குழுக்கள் மூலம் 9 பேர், மருத்துவமனை நினைவாற்றல் பிரிவில் வைத்த அறிவிப்பு மூலம் 7 பேர், தொழிற்சங்கச் செய்திமடல் மூலம் 4 பேர், பங்கேற்பாளர்களின் பரிந்துரை மூலம் 6 பேர் என மொத்தம் 26 பேர் கிடைத்தார்கள். வெளியே வர முடியாதவர்களிடம் தொலைபேசியில், தேவைப்பட்டால் இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்துப் பேசினேன்.

பரிந்துரை வழி, அதாவது பனிப்பந்து முறை, மறைந்திருக்கும் குழுக்களை எட்ட உதவும். ஆனால் ஒரே நட்பு வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் அபாயமும் அதில் உண்டு. அதைக் குறைக்க, ஒருவர் பரிந்துரைத்தவர்களில் ஒருவரை மட்டுமே எடுத்துக்கொண்டேன். பரிந்துரையில் வந்தவரிடம் மீண்டும் பரிந்துரை கேட்கவில்லை.

முதல் 12 நேர்காணல்களைக் குறியிட்டு முடித்ததும் ஓர் இடைவெளி தெரிந்தது: 10 பேர் பெண்கள், எல்லோருக்கும் உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். முடிவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் உடன்பிறந்தவர்களுடனான பேரத்தைச் சுற்றியே நகர்ந்தது. அது பொதுவான போக்கா, மாதிரியின் விளைவா என்று பிரித்தறிய, மீதி 14 இடங்களில் ஆண்களையும் ஒற்றைப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே தேடினேன். இறுதி மாதிரியில் 8 ஆண்களும், ஒற்றைப் பிள்ளைகளாக 5 பேரும் இருக்கிறார்கள்.

26 என்ற எண்ணிக்கை முன்கூட்டியே தீர்மானித்தது அல்ல. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே நிறைவுநிலை எட்டப்பட்டது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல என்று கருதுகிறேன்: அவர்களின் பங்கேற்பாளர்கள் ஓரளவு ஒரே தன்மை கொண்டவர்கள், இங்கே வேறுபாட்டையே தேடியிருக்கிறேன். மால்டெருடும் சக ஆய்வாளர்களும் 2016-இல் முன்வைத்த ‘தகவல் வலிமை’ என்ற கருத்து இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. நோக்கம் குறுகலாகவும் உரையாடல் ஆழமாகவும் இருந்தால் குறைந்த எண்ணிக்கையே போதும் என்கிறது அது. பங்கேற்பாளர்களுக்கு இடையிலான வேறுபாடு கூடும்போது எண்ணிக்கையும் கூட வேண்டும். தொடர்ந்து மூன்று நேர்காணல்களில் புதிய கருப்பொருள் வராவிட்டால் நிறுத்துவது என்று களப்பணிக்கு முன்பே முடிவு செய்தேன். 22-ஆவது நேர்காணலில், வேலைக்குத் திரும்ப முயன்று மறுக்கப்பட்ட அனுபவம் புதிதாக வந்தது. அடுத்த மூன்றில் புதியது எதுவும் இல்லை. 26-ஆவது நபருக்கு ஏற்கெனவே நேரம் கொடுத்திருந்ததால் அவரிடமும் பேசினேன்.

தகுதி இருந்தும் 5 பேர் விலகினார்கள். அவர்களில் 3 பேர் பெற்றோரின் நிலை மோசமானதைக் காரணமாகச் சொன்னார்கள். ஆக, மிகக் கடுமையான கட்டத்தில் இருப்பவர்களின் குரல் இந்த மாதிரியில் குறைவு. 5-ஆம் அத்தியாயத்தில் சோர்வு பற்றி வரும் முடிவுகளை இதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். எந்த இடத்திலும் சதவீதம் தரவில்லை. இந்த முடிவுகள் வேறு சூழலுக்குப் பொருந்துமா என்று வாசகர் எடைபோட வசதியாக, ஒவ்வொரு பங்கேற்பாளரின் குடும்ப அமைப்பு, முந்தைய வேலை, பராமரிப்புக் காலம் ஆகியவற்றைப் பின்னிணைப்பு 2-இல் அடையாளம் தெரியாதபடி தந்திருக்கிறேன்.