தொலைந்த பார்சலுக்கு இழப்பீடு கோருதல்: கன்சைன்மென்ட் எண் 73041186529

15.12.2025
காஞ்சிபுரம்

அனுப்புநர்
ச. வசந்தா,
பட்டுச் சேலை நெசவு மற்றும் விற்பனை,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம் – 631 501.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கூரியர் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

நகல்: கிளை மேலாளர், காஞ்சிபுரம் கிளை.

ஸ்பீடு போஸ்ட், பதிவு மற்றும் டெலிவரி ஒப்புகையுடன்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த 14.11.2025 வெள்ளிக்கிழமை மாலை, தங்கள் காஞ்சிபுரம் கிளையில் கோயம்புத்தூர் பீளமேட்டு முகவரிக்கு ஒரு பார்சல் பதிவு செய்தேன். அது இன்றுவரை போய்ச் சேரவில்லை. பார்சல் தொலைந்துவிட்டது என்பதைத் தங்கள் டிராக்கிங் பதிவே காட்டுகிறது. ஆகவே அறிவித்த மதிப்பு முழுவதையும், நான் கட்டிய கட்டணத்தையும் சேர்த்து ரூ.56,152 இழப்பீடாக வழங்குமாறு இக்கடிதத்தின் வழியாகக் கோருகிறேன்.

பார்சலில் இரண்டு பட்டுச் சேலைகள் இருந்தன. ஒன்று அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட கோர்வைச் சேலை, முகூர்த்தத்துக்கென்று சொல்லி நெய்தது, விலை ரூ.37,000. மற்றொன்று மாம்பழ நிறத்தில் சிறு கரைச் சேலை; விலை ரூ.17,500. இரண்டிலும் சில்க் மார்க் அட்டை கட்டியிருந்தேன். ஆக மொத்தம் ரூ.54,500. இந்தத் தொகையைத்தான் பதிவுச் சீட்டில் ‘அறிவித்த மதிப்பு’ என்ற கட்டத்தில் எழுதினேன். பில்லின் ஒரு நகலைத் தங்கள் ஊழியர் வாங்கிப் பார்த்து, சீட்டோடு சேர்த்துப் பின் அடித்தார். பார்சலைத் திறந்து காட்டிய பிறகே அவர் முன்னிலையில் ஒட்டினேன். எடை 2.140 கிலோ.

அனுப்பும் கட்டணம் ரூ.310. அதோடு அறிவித்த மதிப்பில் இரண்டு சதவீதமாக ரிஸ்க் கட்டணம் ரூ.1,090 கேட்டார்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.252 உட்பட மொத்தம் ரூ.1,652 செலுத்தினேன். சாதாரண பார்சலாக அனுப்பியிருந்தால் இதில் கால் பங்குகூட ஆகியிருக்காது. பொருள் தொலைந்தால் அதன் விலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டினேன்.

இனி டிராக்கிங் பதிவு. 14ஆம் தேதி மாலை 5.42க்குப் பதிவு, இரவு 8.35க்குப் பையில் போட்டு முத்திரை, 11.10க்கு ஸ்ரீபெரும்புதூர் மையம். மறுநாள் காலை 6.25க்குச் சேலம் மையத்தில் பை பிரிக்கப்பட்டு, என் பார்சல் தனியாக ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. அங்கும் எடை 2.140 கிலோ என்றே பதிவாகியிருக்கிறது. அதாவது, சேலம் வரை பார்சல் குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று இரவு 9.05க்கு ‘கோயம்புத்தூர் பையில் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு கோயம்புத்தூர் மையத்தில் அது வந்து இறங்கியதற்கான ஸ்கேன் எதுவுமே இல்லை.

ஆனால் 18ஆம் தேதி காலை 11.20க்கு ‘வீடு பூட்டியிருந்தது’ என்று ஒரு பதிவு தோன்றுகிறது. அதன் பக்கத்தில் இடம் என்ற பத்தியில் சேலம் என்றே இருக்கிறது. கோயம்புத்தூருக்கே வராத பார்சலை யார் எடுத்துக்கொண்டு பீளமேட்டு வீட்டு வாசலுக்குப் போனார்கள்? அது காவலாளி உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. வருவோர் பெயர் எழுதும் நோட்டில் அன்று தங்கள் நிறுவனத்தார் யாரும் வந்ததாகக் குறிப்பு இல்லை. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாடிக்கையாளர் எனக்கு அனுப்பியிருக்கிறார். 19ஆம் தேதி இரவு 7.48க்கு ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று மாறியது. கையெழுத்து என்று காட்டப்பட்டது ஒரு வளைந்த கோடு மட்டுமே. பெற்றவர் பெயர் இல்லை, ஓ.டி.பி.யும் கேட்கப்படவில்லை. நான் புகார் கொடுத்த பிறகு, 22ஆம் தேதி அந்த வரி நீக்கப்பட்டு ‘விசாரணையில் உள்ளது’ என்று வந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது. நீக்குவதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களை இணைத்திருக்கிறேன்.

15ஆம் தேதி இரவுக்குப் பின் பார்சல் எங்கே போனது என்பதைச் சேலம் மையத்தின் லோடிங் ஷீட்டும், அந்தப் பையின் பட்டியலும், கேமரா பதிவும் காட்டிவிடும். கேமரா பதிவு நாளடைவில் அழிந்துவிடும் என்பதால், 15.11.2025 மாலை முதல் மறுநாள் காலை வரையிலான பதிவைப் பத்திரப்படுத்தி வைக்குமாறு தனியாக வற்புறுத்துகிறேன்.

டிசம்பர் 5ஆம் தேதி தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலில், ஒரு பார்சலுக்கு அதிகபட்ச இழப்பீடு ரூ.2,000 என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. பதிவுச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த நிபந்தனை, மதிப்பு அறிவிக்காமல் அனுப்பும் பார்சல்களுக்கானது என்று அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 10, போக்குவரத்தாளரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும்போதே, அதிக ரிஸ்க் கட்டணம் செலுத்த அனுப்புநர் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வரம்பு பொருந்தாது என்கிறது. கையெழுத்திட்ட சீட்டின் நிபந்தனை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கூரியர் நிறுவனங்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவதுண்டு. அதே சீட்டில் ரூ.54,500 என்று எழுதி, அதற்கேற்பக் கட்டணமும் வாங்கியவர்கள் தாங்கள். அந்த எழுத்து தங்களையும் கட்டுப்படுத்தும்.

இந்த முகூர்த்தச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். கோர்வை போடும்போது தறியில் நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா கொடுக்க வேண்டும். இங்கே என் கணவர் தறியில், நான் பக்கத்தில். மணப்பெண் தேர்ந்தெடுத்த நிறத்துக்கென்று பாவு பிணைத்து நெய்த சேலை அது. நவம்பர் 30 முகூர்த்தத்துக்குள் இன்னொன்று நெய்து கொடுக்க வழியில்லாமல், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் அந்தப் பெண்ணின் தாயார் கடை கடையாக அலைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. இதற்கு நான் தொகை எதுவும் கேட்கவில்லை. ஆனால் தங்கள் கவனக்குறைவு என்ன செய்தது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், பார்சல் தொலைந்ததை எழுத்து மூலம் உறுதிசெய்து, சேலை விலை ரூ.54,500, செலுத்திய கட்டணம் ரூ.1,652, ஆக ரூ.56,152 என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். பகுதித் தொகை அனுப்பினால் அதை முழுத் தீர்வாக ஏற்க மாட்டேன். இதற்கிடையில் பார்சல் கிடைத்தால் முதலில் எனக்குத் தகவல் தாருங்கள். முத்திரை பிரியாமல், ஈரமோ கறையோ படாமல் இருந்தால் மட்டுமே திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

மேற்படிச் சட்டத்தின் பிரிவு 16 கேட்கும் எழுத்துமூல அறிவிப்பாகவும் இக்கடிதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இது அனுப்பப்படுகிறது. தீர்வு கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக முறையிடுவேன். அங்கே மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் சேர்த்தே கேட்பேன். குடும்பமே தறியில் உட்கார்ந்து பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் இது என்பதால், வணிக நோக்கம் என்று சொல்லி என்னை நுகர்வோர் இல்லை என்று தள்ளிவிடச் சட்டத்தில் இடமில்லை.

பதிவுச் சீட்டின் இருபக்க நகல், பணம் கட்டிய ரசீது, சேலை பில், டிராக்கிங் பதிவின் ஸ்கிரீன்ஷாட்கள், குடியிருப்பு நோட்டின் படம், தங்கள் மின்னஞ்சல், வாடிக்கையாளரின் எழுத்துமூல வாக்குமூலம், ரத்து செய்த காசோலை ஆகியவற்றை இணைத்துள்ளேன். மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் காஞ்சிபுரம் கிளைக்கு நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ச. வசந்தா