இளங்கோவோட லாகின்

ஸ்டாக் வெரிஃபிகேஷன் ஓடிட்டிருந்த வாரம் அது. எங்களுது தென்காசி பக்கம் ஒரு எய்டட் காலேஜ் லைப்ரரி, 41,000 புக்கு, வேலை பாக்க ஆளுன்னா நானு, அட்டெண்டர் அண்ணன், அப்புறம் வாலண்டியரா வர்ற பசங்க, அவ்ளோதான். என் சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, அவசரமா ஒரு புக்கோட ரெக்கார்ட பாக்கணும், பக்கத்து டேபிள்ல இளங்கோ ஸ்பைன் லேபிள் பிரிண்ட் போட்டுட்டு இருந்தான், செகண்ட் இயர் பி.காம். "தம்பி, கொஞ்சம் நகரு, ஒரு நிமிஷம்"னு அவன் சிஸ்டத்துலயே உக்காந்துட்டேன்.

நம்பர் அடிச்சேன், ரெக்கார்டு வந்துச்சு. மேல Edit-அ தொட்டதும் லிஸ்ட் இறங்குச்சு. அதுல Delete record.

எனக்கு ஒரு செகண்ட் ஒண்ணும் ஓடல. இது இவன் லாகின் தானே, இவனுக்கு எதுக்கு இது வருது? Tools-குள்ள போனேன், அங்க Batch record deletion-ம் இருக்கு. ரெக்கார்டு நம்பர ஒரு ஃபைல்ல போட்டு அப்லோட் பண்ணி ஓகே குடுத்தா, வெளிய இரவல் போயிருக்குற புக்குங்கள தவிர மத்ததெல்லாம் காபியோட சேர்த்து போயிரும். நாங்க வச்சிருக்கது Koha, நியூசிலாந்துல ஒரு லைப்ரரிக்காக எழுதி ஓபன் சோர்ஸா விட்ட சாஃப்ட்வேர், காசு கட்ட வேண்டாம், எங்கள மாதிரி காலேஜுக்கெல்லாம் அது வரம்தான், ஆனா யாருக்கு எந்தக் கதவு தெறக்கணும்னு நாமதான் சொல்லணும்.

அவன் பேர போட்டு தேடி Set permissions-அ தெறந்தேன். முதல் கட்டத்துலயே டிக். superlibrarian, எல்லாக் கதவையும் மொத்தமா தெறந்து விடுற டிக்.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, வயித்த கலக்கிருச்சு. ஜூலை மாசம், மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன், சாயங்காலம் ஆறரை மணி, 600 புக்குக்கு லேபிள் ஒட்டணும், இவனுக்கு லேபிள் பேஜ் தெறக்கல. உள்ள போயி tools-அ விரிச்சு label_creator-னு ஒரே ஒரு கட்டத்த தேடி டிக் பண்ணிருக்கணும், நான் தேடல, மேல இருந்தத அமுக்கிட்டேன், லேபிள் வந்துச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போனோம். அதோட அத மறந்தே போயிட்டேன். இப்ப டிசம்பர்.

நான் இந்த வேலைக்கு வந்தப்ப எல்லாம் அக்செஷன் ரெஜிஸ்டர்தான். ஒரு புக்க கணக்குலருந்து நீக்கணும்னா கமிட்டி கூடணும், பிரின்சிபால் கையெழுத்து போடணும், அதுக்கப்புறம்தான் அந்த வரிக்கு நேரா செவப்பு மையில எழுதுவோம், அப்பவும் அடிச்ச வரி கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய விஷயத்த 19 வயசுப் பையன் கையில குடுத்துட்டு, குடுத்தேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்ல.

"இளங்கோ, இதெல்லாம் உனக்கு வருதுன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். ஜூலையிலயே பாத்தேன்."

"ஏன்பா சொல்லல?"

அவன் கீழ பாத்துட்டே நின்னான், விரல்ல ஒட்டியிருந்த லேபிள் பசைய உருட்டிட்டே. "நீங்க தெரிஞ்சுதான் குடுத்துருக்கீங்கன்னு நெனச்சேன் மேடம். அப்புறம் பயமா போச்சு. கேட்டா, நீ எதுக்கு அங்கெல்லாம் போயி பாத்தன்னு கேப்பீங்களோன்னு." கொஞ்சம் நிறுத்திட்டு, "ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன் ஃபைன் 180 ரூபாய அடிச்சு விடுடான்னு கேட்டாரு. எனக்கு அதெல்லாம் வராதுன்னு பொய் சொல்லிட்டேன். தண்ணி குடிக்கப் போனாக்கூட லாக் அவுட் பண்ணிட்டுத்தான் மேடம் போவேன்."

அது உண்மை. சும்மா சும்மா லாக் அவுட் பண்றானே, மறுபடி மறுபடி பாஸ்வேர்ட் அடிச்சு நேரத்த வீணாக்குறானேன்னு நானே ஒரு தடவ அவன திட்டிருக்கேன்.

எனக்கு கேட்டலாக் பயத்த விட இது பெரிசா பட்டுச்சு. இந்த அஞ்சு மாசத்துல ஒரு ரெக்கார்டு காணாம போயிருந்தா, லாக்ல அவன் பேரு வந்திருந்தா, அவன யாரு நம்பியிருப்பா? கமிட்டி முன்னாடி நிக்கிறது அவன், டிக் போட்டது நானு.

இருந்தாலும் பாக்காம விட முடியாதே. Log viewer போயி, கேட்டலாக்ல ஜூலையிலருந்து டெலிட் ஆனத மட்டும் கேட்டேன், சந்தேகத்துக்கு ரிப்போர்ட்லயும் ஒரு குவெரி ஓட்டிப் பாத்தேன், ஏன்னா Koha அழிச்சத ஒரேயடியா தூக்கிப் போடாது, தனி டேபிள்ல வச்சிருக்கும்:

```
SELECT biblionumber, title, timestamp
FROM deletedbiblio
WHERE timestamp >= '2024-07-01';
```

மூணு வரி. லாக்ல மூணுலயும் என் பேருதான். இளங்கோ பேர்ல ஒண்ணு கூட இல்ல.

மூச்சு விட்டேன். அவன் மட்டும் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தான். "மேடம், ரெண்டாவது வரி..."ன்னு இழுத்துட்டு பையிலருந்து ஒரு நோட்ட எடுத்தான், ஒரு குயர் லாங் சைஸ், அட்டை மடங்கிப் போயி. உள்ள ஸ்கேல் வச்சு கோடு போட்டு, பார்கோடு, கால் நம்பர், என்ன சந்தேகம்னு மூணு காலம். "ஒரே புக்கு ரெண்டு ரெக்கார்டா?" "வருஷம் வேற." "ஆசிரியர் பேர் தப்பா?" இப்படி 214 வரி. டெலிட் பட்டன கையில வச்சுக்கிட்டு பையன் உக்காந்து பேனாவால எழுதிருக்கான்!

நாப்பதாவது வரியோ என்னவோ, அதுல விரல வச்சான். 18342. பக்கத்துல, "புக் இருக்கு, சிஸ்டத்துல இல்ல. மேடம் எடுத்துட்டாங்களா?"

எழுந்து போயி லேபிள் ரேக்குக்கு அடியில இருந்து அந்தப் புக்க எடுத்துட்டு வந்தான், பழைய பேப்பர்ல சுத்தி வச்சிருந்தான். எங்க ஜில்லா வரலாறு, 1974 பதிப்பு. ரிட்டயர்டு புரொஃபசர் ஒருத்தர் இறந்தப்ப அவர் வீட்டம்மா குடுத்தது, ஓரமெல்லாம் பென்சில்ல அவர் கையெழுத்து, எந்தக் கல்வெட்ட நேர்ல போயி பாத்தாரு, எந்தத் தேதியில, அச்சுல எது தப்புன்னு. எங்ககிட்ட 1991 பதிப்பும் இருக்கு. செப்டம்பர்ல ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு முதல்ல காபிய, அப்புறம் ரெக்கார்ட அழிச்சது நான்தான், அலமாரிக்கு நடந்து போயி பாக்காம.

"ஸ்கேன் பண்ணா வரல மேடம். பழைய பேப்பர் கட்டோட போயிரும்னு தனியா எடுத்து வச்சேன்."

எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. "மன்னிச்சுக்கப்பா"ன்னேன். "அய்யோ மேடம்"னு பதறிட்டான்.

அப்புறம் என் சிஸ்டம் உயிர் வந்ததும் அவன பக்கத்துல உக்கார வச்சே superlibrarian டிக்க எடுத்தேன். catalogue, அது இல்லாட்டி ஸ்டாஃப் பக்கமே தெறக்காது. அப்புறம் label_creator. ரெண்டே டிக், எது எதுக்குன்னு சொல்லிச் சொல்லித்தான் போட்டேன். மத்த வாலண்டியர் பசங்க பேரையும் ஒண்ணு ஒண்ணா தெறந்து பாத்தேன், நல்லவேளை வேற யாருக்கும் அப்படி இல்ல. என் அன்றாட வேலைக்கும் டெலிட் இல்லாத தனி லாகின் ஒண்ணு போட்டுக்கிட்டேன்.

"அப்ப இந்த நோட்டு வேண்டாமா மேடம்?"ன்னு கேட்டான்.

"அது வச்சுத்தான் இனி வேலையே. தினம் பத்து வரி, புக்க கையில எடுத்துட்டு வந்து பாப்போம். இப்ப இத ஏத்துவோம், படி."

அவன் டைட்டில் பக்கத்தப் பிரிச்சு ஆசிரியர் பேர், பதிப்பு, பக்கம்னு வாசிக்க வாசிக்க நான் அடிச்சேன். கால் நம்பர் 954.82. முடிச்சுட்டேன்னு நெனச்சப்ப, "மேடம், பென்சில்ல எழுதிருக்காருல்ல, அதையும் போடலாமா?"ன்னான். நோட் ஃபீல்டுக்குப் போயி, "முந்தைய உரிமையாளரின் கைக்குறிப்புகளுடன்"னு அடிச்சு சேவ் பண்ணேன். அவன் ஸ்கேனர எடுத்து பார்கோடு மேல வச்சான். பீப்னு வந்துச்சு.