திருத்துறைப்பூண்டி வீட்டின் புயல் நாள் சாப்பாட்டுத் திட்டம்

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும்,

இதைச் சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கார்த்திகையில் எனக்கு லீவு கிடைக்குமா தெரியாது. அதனால் நான் இல்லாத நேரத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நீங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஆறு பேருக்கு நான்கு நாள் கணக்கு. நான்கு நாள் ஏன் என்றால், கஜாவுக்குப் பிறகு தெருவில் விழுந்த மரங்களை அறுத்து வண்டி வர வழி விடவே நாள்கள் ஆயின. கரண்ட் வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து.

ஐப்பசி முதல் வாரத்தில் வாங்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைக்குப் போனால் பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் கிடைக்காது.

கெட்டி அவல் 3 கிலோ. ஆளுக்கு நூறு கிராம் என்றால் ஒரு வேளைக்கு 600 கிராம், ஆக ஐந்து வேளைக்கு வரும். அடுப்பே இல்லாமல் வயிறு நிறைகிற ஒரே சாமான் இதுதான், அதனால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெல்லம் ஒன்றரை கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வறுத்த வேர்க்கடலை 1 கிலோ, பேரீச்சை அரை கிலோ, பொரி ஒரு பெரிய பை. பால் பவுடர் அரை கிலோ, பிஸ்கட் 12 பாக்கெட். சின்னவனுக்குச் சத்துமாவைத் தனி டப்பாவில் வையுங்கள். நெருப்பு மூட்ட முடிகிற நாளுக்கு அரிசி 6 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றரை கிலோ, ரவை 1 கிலோ. அதோடு நல்லெண்ணெய், உப்பு, இட்லிப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். தேங்காய் பத்தாவது கையில் இருக்கட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் பத்து.

எல்லாம் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாக்களில், பரணில். கீழ்த்தட்டில் வைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் போச்சு. தை பிறந்ததும் மிச்சத்தைச் சமைத்துத் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவலில் வண்டு வந்துவிடும்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், அதாவது மொத்தம் 96 லிட்டர். இருக்கிற குடங்களோடு இரண்டு 20 லிட்டர் கேனும் நிரப்பிவையுங்கள். கழுவத் தனித் தண்ணீர். வெள்ளம் தொட்ட கிணற்றுத் தண்ணீரையோ அடிபம்புத் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது. தளதளவெனக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

புயலுக்கு முந்தின நாள்

ஃப்ரிட்ஜில் இருக்கிற மீனையும் காய்களையும் அன்றே சமைத்துச் சாப்பிடுங்கள். கரண்ட் போன பிறகு மூடியே வைத்திருந்தாலும் நான்கு மணி நேரம்தான் குளிர் நிற்கும். அதன் பிறகு பாலையும் மீனையும் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். சாயங்காலத்துக்குள் இட்லி அவித்து, பொடியும் எண்ணெயும் தடவி வையுங்கள். புளிசாதமும் கிளறிவிடுங்கள். இரவும் மறுநாள் காலையும் அதிலேயே ஓடிவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருப்பதால் வேளை தவறக் கூடாது. அவருக்கு வெல்லம் போட்ட அவல் வேண்டாம். அவலை மோரில் ஊறவைத்து உப்பும் கடலையும் சேர்த்துக் கொடுங்கள். கை நடுக்கம், வியர்வை என்றால் மட்டும் உடனே ஒரு துண்டு வெல்லம்.

காற்று அடிக்கும்போது

எந்த அடுப்பும் எரியக் கூடாது. கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். தண்ணீர் ஏறும் போலிருந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, நிமிர்த்தி ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். கட்டாவிட்டால் மிதந்து போகும்.

காற்று சட்டென்று நின்றால் முடிந்துவிட்டது என்று யாரும் கொல்லைக்கு ஓட வேண்டாம். புயலின் கண் நம் தலைக்கு மேல் வந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், அதுவும் அதே வேகத்தில். அந்த இடைவெளியில் டீ போடலாம் என்று அப்பா கேட்பார். கொடுக்காதீர்கள்.

அவலை முழுகுகிற அளவு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும். வெல்லமும் தேங்காயும் ஒரு வேளை, புளிக்காய்ச்சல் பிசைந்து ஒரு வேளை. பிள்ளைகள் பொரியில் கடலை கலந்தால் தின்பார்கள், ஆனால் சின்னவனுக்கு முழு வேர்க்கடலை கூடாது, புரை ஏறும்.

கேஸ் இல்லாமல் சமைக்க

கஜாவுக்குப் பிறகு விறகுக்கு என்ன குறை, தெருவெல்லாம் விறகு. ஆனால் எல்லாம் ஈரம். அம்மா ஊதி ஊதிக் கண் வீங்கிப் போனாள். அதனால் இப்போதே சவுக்குச் சுள்ளி இரண்டு கட்டு, ஒரு சாக்குக் கொட்டாங்குச்சி, காய்ந்த பாளை எல்லாம் பரணில் ஏற்றுங்கள். தீப்பெட்டிகளை மூடி இறுகும் பாட்டிலில் போடுங்கள். கொல்லையில் தகரக் கொட்டகைக்குக் கீழே, மூன்று பக்கமும் திறந்த இடத்தில், செங்கல் மூன்று வைத்தால் அடுப்பு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

விறகை மிச்சப்படுத்த ஒரு வழி இருக்கிறது, நான் இங்கே செய்து பார்த்தேன். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பங்கு தண்ணீரில் ஏழு நிமிடம் கொதிக்க விட்டு, மூடியோடு இறக்குங்கள். பழைய பருத்திப் புடவைகள் இரண்டும் போர்வையும் சுற்றி, கூடைக்குள் இறுக்கி வைத்து ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். சோறு வெந்திருக்கும். கொஞ்சம் குழைவாக வரும், நமக்குப் பழக்கம்தானே. பாசிப்பருப்பும் இப்படி வேகும். கறி, மீன் இந்த வழியில் வேண்டாம். சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் அடுப்பு

கரி அடுப்பும் விறகு அடுப்பும் வீட்டுக்குள் வரவே கூடாது. மழை கொட்டினாலும் சரி, சாம்பல் பூத்து அணைந்த மாதிரி தெரிந்தாலும் சரி. கஜாவுக்கு மறுநாள் ராத்திரி என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். குளிருகிறது என்று கரி அடுப்பைக் கூடத்தில் வைத்து, சாரலுக்குப் பயந்து ஜன்னலை மூடினோம். விடியற்காலையில் எல்லோருக்கும் மண்டை பிளந்தது, நீ வாந்தி எடுத்தாய். காலி வயிறு என்று அம்மா சொன்னாள், நாங்களும் நம்பினோம். அது கார்பன் மோனாக்சைடு. நிறமோ வாசனையோ கிடையாது, புகை இல்லாத கரியிலிருந்தும் வரும், தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 108 கூப்பிடுங்கள்.

பாட்டியின் திரி ஸ்டவ்வை மட்டும், காற்று ஓய்ந்த பிறகு, சமையலறையில் வைக்கலாம். எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகிப் புகைந்தால் அணைத்துத் திரியைக் கத்தரியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது ஸ்டவ் முழுக்க ஆறிய பிறகுதான், அதுவும் வெளியே. பெட்ரோலைக் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சமையல் முடிந்ததும் அணைத்துவிடுங்கள், குளிர் காய வைத்திருக்க வேண்டாம்.

மறுபடி கேஸ் அடுப்பு பற்றவைக்கும் முன் ட்யூபைப் பாருங்கள், இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தாலோ வாடை வந்தாலோ ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 கூப்பிடுங்கள். ஸ்விட்ச் எதையும் தொடக் கூடாது, டார்ச்சைக்கூட அங்கே வைத்துப் போடாதீர்கள். கேஸ் தரையோடு தங்கும், அதனால் சின்னவனை முதலில் தூக்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார். அவலில் ஒரு பங்கு அவருக்கும் கொடுங்கள். குறைந்தால் பிஸ்கட்டில் சரிக்கட்டுங்கள்.

அக்கா