வியாழக்கிழமை தீபாவளி

ஈரோட்டில் செவ்வாய்க்கிழமை சந்தையில் எடுத்து லாரியில் ஏற்றிய பண்டல், வியாழக்கிழமையே போடிக்கு வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமும் வரவில்லை. செல்வராஜ் லாரி செட்டுக்கு நாலு தடவை போன் போட்டுவிட்டார். திண்டுக்கல்லில் மழைக்குப் பயந்து சரக்கை குடோனில் இறக்கிவிட்டார்களாம். எந்தப் பண்டல் எதற்கு அடியில் கிடக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

"எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க."

"திங்கக்கிழமை வந்துரும் சார். தொண்ணூறு சதவீதம்."

மீதிப் பத்து சதவீதத்தைப் பற்றி செல்வராஜ் கேட்கவில்லை.

அந்தப் பண்டலில் இருந்தவை இரண்டு. ஒன்று, ஏலக்காய் குடோன் முதலாளி தன் ஆட்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கும் 36 சட்டைகளுக்கான துணி. சந்தனக் கலர், 58 பன்னா, அறுபது மீட்டர். துணியும் கூலியும் சேர்த்து செல்வராஜே ஒப்புக்கொண்ட வேலை. இன்னொன்று ரவிக்கைகளுக்கான லைனிங். தேனியில் மீட்டருக்குப் பத்து ரூபாய் கூட என்று, போகிற கையோடு அதையும் ஈரோட்டிலேயே எடுத்திருந்தார். அந்தப் பத்து ரூபாய்தான் இப்போது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கடையில் மூன்று மெஷின். மணியும் செல்வராஜும் சட்டை, பேன்ட். பரமேஸ்வரி ரவிக்கை. கொக்கி வைப்பதும் ஹெம்மிங்கும் பின் தெருவில் இரண்டு வீடுகளுக்குப் போகும். காஜாவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே ஒரு மெஷின்காரர். ஊரில் பாதிக் கடை அவரை நம்பித்தான் இருக்கிறது.

"அண்ணே, எல்லாரும் சொல்றதையே நாமளும் சொல்லிருவோம்" என்றான் மணி. "காஜா மட்டும் பாக்கி, நாளைக்கு வாங்கன்னு. புதன்கிழமை ராத்திரி வரைக்கும் ஓட்டிரலாம்."

தையல்காரன் சொல்லும் 'நாளைக்கு' எத்தனை நாள் என்று ஊருக்கே தெரியும். சாதாரண நாளில் அது யாரையும் கொல்வதில்லை. புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்குச் சொன்னால், விடியக்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அந்தப் பிள்ளை எதைப் போட்டுக்கொள்ளும்?

செல்வராஜ் பதில் சொல்லாமல் அளவு நோட்டைப் பிரித்தார். சீட்டுகளையெல்லாம் கட்டிங் டேபிளில் பரப்பினார். தேதி வரிசையில்தான் இருந்தன. முதலில் கொடுத்தவருக்கு முதலில் என்பது இருபது வருஷமாகக் கடையில் நடக்கிற நியாயம். யாரும் குறை சொல்ல முடியாத நியாயமும்கூட. அதைத்தான் இப்போது கலைக்க வேண்டியிருந்தது.

கணக்கு எளிதாகவே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. துணி திங்கள் மதியம் வந்தால் புதன் மதியத்துக்குள் 36 சட்டை. ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது. இரண்டு பேரும் வேறு எதையும் தொடாமல் தைத்தால் ஆகும். அப்படியானால் மற்ற ஆண்களின் துணி எல்லாம் திங்கள் மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். முடியாததை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"பரமு, லைனிங் இல்லாத ரவிக்கை எத்தனை இருக்கு?"

"இருபத்தேழுண்ணே. லைனிங் போட்டது நாப்பத்தி நாலு."

"இருபத்தேழையும் நாளைக்கும் திங்கக்கிழமையும் முடி. தேதி பாக்காத."

"லைனிங் திங்கக்கிழமை வந்தாலும் நனைச்சுக் காயப்போடணுமே. இந்த மழையில எங்க காயும்?"

நனைக்காமல் வெட்டினால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி சுருக்கம் விழுந்து நிற்கும். அவசரத்துக்கு நனைக்காமல் தைக்கிற கடைகள் உண்டு. பரமேஸ்வரி அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் தைத்த ரவிக்கை பற்றி ஒரு பேச்சு வந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள்.

"மாடிப்படியில கயிறு கட்டி பேன் போடுவோம். அரை ஈரத்துல அயர்ன் பண்ணிக்கலாம். ஆனா நாப்பத்தி நாலும் ஆகாது."

"எத்தனை ஆகும்?"

"நீதான் சொல்லணும்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ராத்திரியும் உக்காந்தா இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு."

அதாவது பாதி. பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரை விரட்டுவதா? செல்வராஜ் சீட்டுகளை மறுபடி புரட்டினார். நாற்பத்தி நாலு ரவிக்கை, ஆனால் ஆட்கள் பத்தொன்பது பேர்தான். ஒருத்தருக்கு நாலு, ஒருத்தருக்கு மூன்று என்று கிடந்தது. தீபாவளியன்று எவரும் நாலு ரவிக்கை போடப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மணி தைக்க, செல்வராஜ் போனை எடுத்து உட்கார்ந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "தீபாவளிக்கு எந்தப் புடவை கட்டப் போறீங்க?"

சிலர் சட்டென்று சொன்னார்கள். சிலர் வீட்டுக்குள் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். ஒரு அம்மாள் மாமியாரோடு சண்டை போட்டு முடிக்கும்வரை செல்வராஜ் லைனில் காத்திருந்தார். பஜனைமடத் தெரு டீச்சர்தான் மடங்கவில்லை.

"நாலும் வேணும் செல்வராஜ். முதத் தேதியே குடுத்தேன். சீட்டு இருக்கு."

"இருக்கு டீச்சர். நீங்கதான் முதல்ல குடுத்தீங்க. துணி வரலை, அதான் நெசம். பச்சைப் பட்டுக்கு உள்ளதை நிச்சயம் குடுத்துர்றேன். மத்த மூணும் தீபாவளி முடிஞ்ச திங்கக்கிழமை."

"அப்ப எனக்கப்புறம் குடுத்தவளுக்கெல்லாம் எப்படி?"

"அவங்களுக்கும் ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி. கூலி ஒண்ணுக்குத்தான் இப்பக் குடுப்பேன்" என்று வைத்துவிட்டார். எல்லாருக்கும் ஒன்று என்பதைவிட, மற்றவளுக்கும் ஒன்றுதான் என்பதில்தான் சமாதானம் ஆனார் என்று செல்வராஜுக்குத் தோன்றியது. யாராயிருந்தாலும் அப்படித்தான்.

ஒரு சீட்டுக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லவில்லை. தலைதீபாவளிக்குக் கோவையிலிருந்து மாப்பிள்ளையோடு வரும் பெண். நாலு ரவிக்கை. விருந்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, ஊர் சுற்ற ஒன்று என்று அவளுக்கு நாலும் நியாயமாகவே வேண்டும். அம்மாக்காரி போனில் அழவே ஆரம்பித்துவிட்டார். செல்வராஜ் அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார். டீச்சர் காதுக்குப் போனால் தொலைந்தோம்.

குடோனுக்கு நேரில்தான் போனார். இந்த விஷயத்தைப் போனில் சொல்லக் கூடாது. முதலாளி ஏலத்துக்கு அனுப்பும் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் போனஸ். கவரோட சட்டையையும் குடுக்குறதுன்னு பேச்சு. இப்ப வந்து புதன்கிழமைங்கிற."

"துணி நாளைக்குத்தான் வருது முதலாளி."

"அது உன் பாடு."

அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் செல்வராஜ் கிளம்பவில்லை. கணக்குப்பிள்ளையைப் பார்த்து, "முப்பத்தாறு பேர்ல மலைக்குப் போறவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார்.

கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்க்காமலே சொன்னார். "குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் பதினொரு பேரு. செவ்வாக்கிழமை சம்பளம் வாங்குனதும் ஏறிருவாங்க. தீபாவளி கழிச்சுத்தான் இறங்குவாங்க."

"அந்தப் பதினொண்ண செவ்வாய் அஞ்சு மணிக்குக் கொண்டாந்துர்றேன். உள்ளூர் ஆளுகளுக்குப் புதன்கிழமை மூணு மணிக்கு."

"பாதிப் பேருக்குக் குடுத்தா மீதிப் பேரு மூஞ்சியத் தூக்குவானுங்க."

"மேல போறவன் வெறுங்கையோட போனா அவன் வீட்டுல தூக்குவாங்க முதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை. அவரும் கொட்டகுடிக்காரர்தான். அது செல்வராஜுக்குத் தெரிந்துதான் அவரைப் பார்த்துக் கேட்டது.

முதலாளி சட்டைக்கு இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார். 720 ரூபாய் போனது. செல்வராஜ் பேரம் பேசவில்லை.

மிச்சம் இருந்தது சைக்கிள் கடை அண்ணாச்சி. இரண்டு பேன்ட், ஒரு சட்டை. எதிர்க்கடை. பதினைந்து வருஷமாக மாலையில் ஒரே டீயை இரண்டு கிளாஸில் பிரித்துக் குடிக்கிற பழக்கம். திங்கள் மதியத்துக்குள் முடிக்கிற பட்டியலில் அவருக்கு இடம் இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு, வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. அண்ணாச்சிக்குத் தன் பழக்கம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி, உங்ககிட்ட மட்டும்தான் உரிமையாச் சொல்ல முடியும். இந்தத் தடவை ஒரு ரெடிமேட் எடுத்துக்கங்க."

அண்ணாச்சி கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "துணியக் குடு."

"தீபாவளி முடிஞ்சதும் நானே..."

"குடுய்யா."

வெட்டாத துணியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை டீக்கடைப் பையன் ஒரு கிளாஸோடுதான் வந்தான்.

திங்கள் மதியம் பண்டல் வந்தது. ஓரத்தில் ஈரம் ஏறி, சட்டைத் துணியில் ஒன்றரை மீட்டர் கறை. கணக்குப் போட்டு வாங்கியதில் இரண்டு மீட்டர் கூட இருந்ததால் தப்பித்தார்கள். ஆறு மடிப்பாக விரித்து, முதலில் மலைக்காரர்களின் அளவுகள். வழக்கமாக முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று சைஸ்வாரியாக ஒரேயடியாக வெட்டித் தள்ளுவார். இப்போது ஆள்வாரியாக வெட்டியதில் துணியும் கொஞ்சம் வீண், நேரமும் வீண். மணி முணுமுணுத்துக்கொண்டே காலர் ஒட்டினான். மாடிப்படி முழுக்க லைனிங் தொங்கியது. மேலே குடியிருப்பவர்கள் குனிந்து குனிந்து ஏறினார்கள்.

செவ்வாய் இரண்டு மணிக்குப் பதினொரு சட்டையும் காஜாவுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே நாற்பது காத்திருந்தது. செல்வராஜ் பேசாமல் பட்டன் டப்பாவை வாங்கிவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, வேறு கடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்க ஆரம்பித்தார். காஜாக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சந்தனக் கலரை எடுத்து மெஷினில் வைத்தார். ஐந்தே காலுக்குக் குடோனில் சட்டை எண்ணப்பட்டது.

புதன்கிழமை இருபத்தைந்து சட்டையும் மூணு மணிக்குப் பதில் நாலரைக்குப் போனது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பரமேஸ்வரி இருபத்தி நாலாவது ரவிக்கையை முடித்துவிட்டு, ராத்திரி ஒன்றரை மணிக்கு அவள் புருஷன் டிவிஎஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பட்டியலில் இருந்த பத்தொன்பது பேருக்கும் குறைந்தது ஒன்று கிடைத்தது. தலைதீபாவளிப் பெண்ணுக்கு மூன்று. நாலாவது தீபாவளியன்று காலை பத்து மணிக்கு மணியின் தம்பி கொண்டுபோய்க் கொடுத்து, அதிரசம் வாங்கித் தின்றுவிட்டு வந்தான்.

சனிக்கிழமை கடை திறந்தபோது அண்ணாச்சி எதிரே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அதே துணியில் சட்டை போட்டிருந்தார். எங்கேயோ கொடுத்துத் தைத்திருக்கிறார். இடது தோள் அரை இஞ்சு இறங்கி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. செல்வராஜால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ரோட்டைத் தாண்டிப் போனார்.

"யார் தச்சா?"

"ஒனக்கெதுக்கு?"

"தோள் எறங்கிக் கெடக்கு. கழட்டிக் குடுங்க, பிரிச்சுப் பிடிச்சுத் தர்றேன்."

அண்ணாச்சி பம்பை நிறுத்தாமலே கேட்டார். "எப்பத் தருவ?"

செல்வராஜ் வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினார். "டீச்சருக்கு மூணு, அப்புறம் தாசில்தார் வீடு. புதன்கிழமை."

"புதன்கிழமைன்னா புதன்கிழமை" என்று சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார் அண்ணாச்சி.