பதில் வீடியோ: குளிரூரில் பொங்காத மாவு (75 வினாடி, செங்குத்து)

பதில் சொல்லும் கமெண்ட்: "அக்கா, மதுரையில இருந்து குன்னூருக்கு மாறி ஆறு மாசம் ஆச்சு. அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர். ராத்திரி ஆட்டி வச்சா காலையில அப்படியே இருக்கு. சோடா உப்பு போடலாமா?"

இதுக்கு ரெசிபி சொல்லி ஒரு பயனும் இல்லை, அளவெல்லாம் அவரே சரியாத்தான் போடுகிறார். மாறியது ஊர் மட்டும்தான். அதனால் கதையில் மாவை விட்டுவிட்டு, மாவு வைத்த இடத்தைக் காட்டுகிறோம். இரண்டே பேர்: மகள், மதுரையிலிருந்து வந்து இறங்கும் அம்மா.

0–4 வினாடி. கமெண்ட் ஸ்டிக்கர் திரையின் மேல்பாதி நடுவில் இருக்கட்டும். கீழே வைத்தால் தலைப்பு எழுத்து மறைக்கும், வலது ஓரம் லைக் பட்டன்களுக்குக் கீழே போய்விடும். பின்னணியில் சமையல் மேடைக் கிரானைட், அதன் மேல் மாவு ஊற்றிய கண்ணாடி பாட்டில். மாவு மட்டத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட். யாரும் பேச வேண்டாம், கமெண்டைப் படிக்க இந்த நாலு வினாடி வேண்டும்.

4–14. காலை. மகள் ஸ்வெட்டரோடு வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறாள். மாவு ரப்பர் பேண்டை விட்டு ஒரு நூல்கூட ஏறவில்லை. சோடா உப்பு டப்பாவை எடுக்கிறாள். வாசலில் பையோடு அம்மா.

அம்மா: "ஏண்டி, என்ன போடப் போற?"
மகள்: "பொங்கவே மாட்டேங்குதும்மா."

14–30. இந்த ஷாட்தான் வீடியோவின் உயிர். அம்மா கிரானைட்டில் உள்ளங்கையை வைத்து உடனே எடுக்கிறார். அந்தக் கை மட்டும் குளோசப்பில்.

அம்மா: "கல்லு ஐஸா இருக்கு. இது மேல வச்சா மாவுல இருக்கிற சூட்டையெல்லாம் இதுவே உறிஞ்சிரும்."
மகள்: "நம்ம வீட்லயும் மேடையிலதானம்மா வைப்ப?"
அம்மா: "மதுரையில ராத்திரிக்கும் வெக்கைடி. புளிக்க முப்பது டிகிரி வேணும். இங்க அதுல பாதிகூட இல்ல."

30–52. சரிசெய்வது. பிக்னிக் ஐஸ் பெட்டி (20 லிட்டர்), அடியில் மடித்த துண்டு. நடுவில் பாதி மட்டும் நிரப்பிய மாவுப் பாத்திரம். இரண்டு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் 60 டிகிரித் தண்ணீர், துண்டு சுற்றி இரண்டு ஓரத்திலும்.

மகள் பாட்டிலைப் பாத்திரத்தோடு ஒட்டி வைக்கிறாள். அம்மா நகர்த்துகிறார்: "ஒட்டி வச்சா அந்தப் பக்கம் மாவு வெந்துரும். ரெண்டு விரல் இடம் விடு."

மூடி மூடுகிறது. மகள் திறந்து பார்க்கக் கை நீட்ட, அம்மா கையைத் தட்டிவிடுகிறார். வசனம் வேண்டாம்.

52–66. மறுநாள். சுவர்க்கடிகாரம் ஒன்பதரை, பெட்டிக்குள் 12 மணி நேரம் ஆகிவிட்டது. மூடி திறக்க, மாவு இரட்டிப்பாகி மேலே குழிகுழியாக இருக்கிறது. கரண்டி விட்டுத் தூக்கினால் உள்ளே சல்லடைபோலக் காற்று. இதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால்தான் தெரியும்.

66–75. மகள் சோடா உப்பு டப்பாவை அலமாரிக்குள் வைக்கிறாள்.
அம்மா: "சோடா உப்பு உப்ப வைக்கும். புளிக்க வைக்காது. அந்தப் புளிப்பு வாசம் அதுல வராது."
இட்லி பிட்கும் ஷாட்டோடு கட்.

படப்பிடிப்புக்கு: மாவு ஏறுவதை டைம்லாப்ஸில் எடுக்க ஆசை வரும், வேண்டாம். மூடி திறந்திருந்தால் சூடு போய்விடும், நாம் சொல்லும் வழியே நம் படத்தில் தோற்றுவிடும். ஒரே நாள் ஆட்டிய மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மேடையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். மேடையில் வைப்பது நிஜமாகவே குளிர்ந்த அறையில் இருக்க வேண்டும். சென்னையில் எடுத்தால் இரண்டுமே பொங்கி கதை கெட்டுவிடும். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் போட்டு வைத்து, 30-ஐ ஒட்டி நிற்கிறதா என்று தூங்கப்போகும் முன் ஒரே ஒரு முறை பாருங்கள். 25-க்குக் கீழே இறங்கியிருந்தால் பாட்டில் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.

வசனம் மொத்தம் அறுபது சொல்லுக்குள் இருக்கிறது. கூட்ட வேண்டாம், கைகள் வேலை செய்ய இடம் வேண்டும்.

பின் செய்யும் கமெண்ட்: "4 கப் இட்லி அரிசி, 1 கப் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம், ஒன்றரை டேபிள்ஸ்பூன் கல் உப்பு. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டுங்கள், மாவு இளஞ்சூட்டிலேயே பெட்டிக்குள் போகும். உப்பைக் கையால் கலந்து வையுங்கள். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் இட்லியை வழக்கத்தைவிட 2, 3 நிமிடம் கூடுதலாக வேக விடுங்கள்."