வெட்டுத்துண்டு

ஆரையம்பதித் தையற்கடையில் வேலை பழகச் சேர்ந்து எட்டு மாதம். களிசான் தைத்து மிஞ்சிய கருநீலத் துண்டுகளை, "எடுத்துக்கொள் தம்பி" என்று மாஸ்டர் தந்தார். அக்காவுக்கு வியாழக்கிழமை மட்டக்களப்பில் முதல் இன்டர்வியூ.

பாவாடைக்கு நான்கு துண்டு வேண்டும். நூலோட்டம் மாறினால் தொங்கும்போது கோணும்; ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டினேன். மூன்றுதான் தேறியது. நான்காவதை இரண்டு சிறுதுண்டை இணைத்து எடுத்தேன். ஒட்டு பின்மடிப்புக்குள் மறைந்தது. பஸ் காசுக்கு ஒரு பொக்கெட்டும் வைத்தேன்.

காலையில் அக்கா உடுத்துக்கொண்டு வந்தா.

"ஒட்டு எங்க தம்பி?" விரலால் தடவித் தேடினா. அகப்படவில்லை.

பஸ்ஸடி வரை சைக்கிளில் ஏற்றிப் போனேன். மடிப்புக் கசங்கக் கூடாதென்று மெதுவாகத்தான் மிதித்தேன்.