நேர்முகத் தேர்வில் என்னைப் பற்றிச் சொல்ல

வணக்கம். என் பெயர் கவிதா. இரண்டு வருடமாக பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். தினமும் கை வைப்பது ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ். கடைக்காரர்கள் பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில், பில்லிங் பகுதியை நானும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, எலெக்ட்ரிக்கல். கடைசி வருட ப்ராஜெக்டில் ஒரு மோட்டாரின் வெப்பநிலையை சென்சார் வைத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சர்க்யூட் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. வந்து குவிந்த ரீடிங்குகளைச் சேமித்து வரைபடமாகக் காட்ட பைத்தானில் எழுத உட்கார்ந்தேன், அதிலிருந்து எழுந்திருக்க மனமே வரவில்லை. படிப்பு முடிந்ததும் ஆறு மாதம் ஜாவாவும் எஸ்கியூஎல்லும் நானாகப் படித்தேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் இப்போது இருக்கும் நிறுவனத்தில் டிரெய்னியாகச் சேர்ந்தேன்.

முதல் ஆறு மாதம் பக் சரிசெய்வதுதான் வேலை. அப்போது சலிப்பாக இருந்தது உண்மை. ஆனால் அடுத்தவர் எழுதிய கோடைப் பயப்படாமல் திறந்து படிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

நான் செய்த வேலையில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், அது என் தவறிலிருந்து ஆரம்பித்தது. பில்லைச் சேமிக்கும் ஏபிஐ நான் எழுதியது. ஒரே பில் இரண்டு தடவை பதிவாகக் கூடாது என்பதற்காக, சேமிக்கும் முன் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கோடிலேயே ஒரு செக் வைத்திருந்தேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். லைவுக்குப் போன பத்தாவது நாள், ஒரு கடையில் ஒரே விற்பனைக்கு இரண்டு பில். லாகைப் பார்த்தால், நெட் மெதுவாக இருந்ததால் ஆப் அதே ரிக்வெஸ்டை மறுபடி அனுப்பியிருக்கிறது. இரண்டும் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்து, இரண்டுமே 'இன்னும் பதிவாகவில்லை' என்று பார்த்து, இரண்டுமே எழுதிவிட்டன. டிரான்சாக்‌ஷனுக்குள்தானே இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். போஸ்ட்கிரெஸின் வழக்கமான ஐசொலேஷன் லெவல் இதைத் தடுக்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரே நேரத்தில் இருபது ரிக்வெஸ்ட் அனுப்பும் டெஸ்ட் ஒன்றை எழுதி, முதலில் அந்தப் பிழையை என் மெஷினில் வரவழைத்தேன். பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் ஆப் பக்கமே ஒரு தனி ஐடி கொடுத்து, மறுபடி அனுப்பினாலும் அதே ஐடி வரும்படி வைத்து, டேபிளில் அதன் மேல் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டோம். அதற்குப் பின் இரண்டாவது ரிக்வெஸ்ட் வந்தால் புதுப் பில் விழாது, முதலில் போட்ட பில்லே திரும்பிப் போகும். ஏற்கெனவே இரட்டிப்பாகியிருந்த பதிவுகளை என் சீனியருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீக்கினோம், கோடை மாற்றியதைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. இப்போதெல்லாம் எந்த ஏபிஐ எழுதினாலும், இதே ரிக்வெஸ்ட் இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி.

மற்றபடி, பில் பட்டியல் வரும் பக்கம் ஒன்று நான்கு விநாடி எடுத்துக்கொண்டிருந்தது. ஐம்பது பில்லுக்கும் வாடிக்கையாளர் விவரத்தைத் தனித்தனி குவெரியாக எடுத்ததுதான் காரணம். ஐம்பத்தொரு குவெரியை ஒன்றாக்கினேன், அரை விநாடிக்குள் வருகிறது. ஜேயூனிட்டில் டெஸ்ட், கிட், டாக்கர் எல்லாம் அன்றாடம் பயன்படுத்துபவை. ரியாக்டில் இருக்கும் ஒரு ஸ்கிரீனில் சின்னத் திருத்தம் செய்வேன், புதிதாக ஒன்றைக் கட்டச் சொன்னால் நேரம் எடுக்கும். கிளவுட் பக்கம், மற்றவர்கள் அமைத்த பைப்லைன் வழியாக டெப்ளாய் செய்திருக்கிறேன், நானே அமைத்ததில்லை.

அடுத்து என்ன என்றால், ஒரு சின்ன சர்வீஸை டிசைனில் ஆரம்பித்து லைவில் கண்காணிப்பது வரை முழுப் பொறுப்பில் எடுத்துச் செய்ய வேண்டும். இதுவரை யாரோ போட்டுக்கொடுத்த டிசைனுக்குள்தான் எழுதியிருக்கிறேன். மெசேஜ் க்யூ வைத்து இயங்கும் சிஸ்டங்களில் வேலை செய்ய ஆசை இருக்கிறது, காஃப்காவை வைத்து வார இறுதிகளில் ஒரு மாதிரி ப்ராஜெக்ட் செய்துகொண்டிருக்கிறேன். மேனேஜர் ஆகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. இன்னும் மூன்று வருடத்தில், டிசைன் ரிவ்யூவில் என் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று டீமில் நினைக்கும் அளவுக்கு வர வேண்டும்.

உங்கள் வேலை விளம்பரத்தில் பேமென்ட் டீம் என்று பார்த்ததும் விண்ணப்பித்ததற்குக் காரணம் அந்த இரட்டை பில்தான். அதைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ கேளுங்கள், கோடோடு விளக்கவும் தயார்.